சாமி பெயர் மேல் அச்சான பில் நம்பர்: நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிவகாசியில் நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். ஒரே மெஷின். கூடமாட ஒரு பையன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், லெட்டர்பேடு, ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காலண்டர் என்று ஓடும் பிழைப்பு. பில் போடுவதற்கு இரண்டு வருஷமாக ஆன்லைன் மென்பொருள் ஒன்றுக்குச் சந்தா கட்டுகிறோம். அதன் பெயர் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அந்தக் கம்பெனி மீதான புகாரை, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தாயிற்று. அப்படிக் கொடுக்கப் போன வழியில் உங்கள் விதிகளில் ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. அதற்காகத்தான் இந்த மடல்.

போன கார்த்திகையில் நடந்தது. முதல் நாள் ராத்திரி வரை ஓட்டி முடித்த காலண்டர் வேலை ஒன்று காலையில் லாரி ஆபீஸுக்குப் போக வேண்டும். கூடவே பில் போக வேண்டும். எங்கள் பில் வெள்ளைத்தாளில் அடிப்பது அல்ல. எங்கள் மெஷினிலேயே இரண்டு கலரில் அடித்து வைத்த லெட்டர்பேடு. உச்சியில் ‘ஸ்ரீ பத்ரகாளியம்மன் துணை’, அதன் கீழே அச்சகத்தின் பெயர், விலாசம், ஜிஎஸ்டி எண். மொத்தம் 6 சென்டிமீட்டர். அந்த இடத்தை விட்டுவிட்டுக் கீழே இருந்து அச்சடி என்று மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 60 மில்லிமீட்டர் என்று ஒரு தடவை போட்டு வைத்ததுதான். இரண்டு வருஷமாக அதைத் தொட்டதில்லை.

அன்று காலை வந்த தாளில் பில் நம்பர் நேராக அம்மன் பெயர் மேல் விழுந்திருந்தது. தாளைத் திருப்பி வைத்துவிட்டான் என்று பையனைத் திட்டினேன். மறுபடி வைத்தான், மறுபடி அதே கதை. செட்டிங்ஸுக்குள் போனால் அந்தக் கட்டமே இல்லை. திரை முழுக்கப் புது நிறம், புது ஐகான், நடுவில் ‘உங்களுக்காக மெருகேற்றிய புதிய அனுபவம்’ என்று ஒரு பெட்டி. பையனிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன் என்பது வேறு விஷயம்.

சரி, மார்ஜின் போனால் போகிறது, வெள்ளைத்தாளில் அடித்து அனுப்பிவிடலாம் என்று அன்றைய பாட்டைச் சமாளித்தோம். மாதம் பிறந்ததும்தான் பெரிய அடி விழுந்தது. ஆடிட்டர் ஆபீஸில் மாதா மாதம் விற்பனைப் பட்டியலை எக்செலில் கேட்பார்கள். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். எப்போதும் அழுத்தும் பட்டன் அங்கேயேதான் இருந்தது, பக்கத்தில் ஒரு பூட்டுப் படத்தோடு. இனிமேல் என் திட்டத்தில் கடைசி 90 நாள் பில்களை மட்டும்தான் இறக்கிக்கொள்ளலாம். அந்த மாதத்துக்கு அது போதும். பழையது எல்லாம் வேண்டும் என்றால் மேல் திட்டத்துக்கு மாற வேண்டும். நான் மே மாதம் ஒரு வருஷத்துக்கு 7,200 ரூபாய் மொத்தமாகக் கட்டியிருந்தேன், மாதம் 600 கணக்கில். மேல் திட்டம் மாதம் 1,100. ஏழு மாதம் போய் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கும்போது, நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை எடுத்துக்கொண்டு அதையே எனக்குத் திரும்ப விற்கிறார்கள்.

எங்கள் தொழிலில் வைத்துப் பார்த்தால் இது எப்படி என்று புரியும். ஆயிரம் காலண்டருக்கு ஆர்டர் எடுக்கிறேன். ஆர்டர் ஃபார்மில் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் என்று எழுதி, அட்வான்ஸ் வாங்கி, ஐந்நூறை அனுப்பிவிட்டேன். மிச்ச ஐந்நூறை மெல்லிய மேப்லித்தோவில் அடித்து, ‘உங்கள் அனுபவத்தை மெருகேற்றியிருக்கிறோம்’ என்று ஒரு சீட்டு வைத்து அனுப்பினால் பார்ட்டி என்னை விடுவாரா?

ஆனால் அவர்களிடம் அதற்கும் காகிதம் இருக்கிறது. பதிவு செய்யும்போது நாம் படிக்காமல் டிக் அடிக்கிற விதிமுறைகளில், சேவையின் எந்தப் பகுதியையும் எந்த நேரத்திலும், முன்னறிவித்தோ அறிவிக்காமலோ மாற்றலாம், நிறுத்தலாம் என்று ஒரு வரி. மாற்றத்துக்குப் பிறகும் தொடர்ந்து பயன்படுத்தினால் அதுவே சம்மதம் என்று இன்னொரு வரி. பில் போடாமல் ஒரு நாள்கூடக் கடை நடத்த முடியாத ஆளுக்கு, மறுநாள் காலை லாகின் செய்வதுதான் சம்மதக் கையெழுத்து.

இது ஏன் முன்பெல்லாம் நடக்கவில்லை என்றால், மென்பொருள் நம் கையில் இருந்தது. பக்கத்துத் தெருவில் பேப்பர் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி டேலிக்கு ஒரு தடவை லைசென்ஸ் வாங்கினார். வருஷச் சந்தா புதுப்பிக்கவில்லை என்றால் புது வெளியீடுகளும் சில ஆன்லைன் வசதிகளும் வராது, அவ்வளவுதான். கையில் இருக்கும் டேலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவருடைய கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் நிரலை ராத்திரி யாரும் வந்து மாற்ற முடியாது. என் பில் மென்பொருள் அப்படி இல்லை. நிரல் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. நான் பிரவுசரைத் திறக்கும்போது அன்றைக்கு அவர்கள் என்ன வைத்திருக்கிறார்களோ அதுதான் இறங்கி வரும். பழைய பதிப்பு என்று என் வீட்டில் எதுவும் இல்லை. கணக்கும் அங்கேதான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். என் மைத்துனன் மகன் சென்னையில் இதே மாதிரி ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிறான். பட்டனுக்குப் பக்கத்தில் வந்த பூட்டைப் பற்றிக் கேட்டேன். “அது ஃபீச்சர் ஃப்ளாக் மாமா. எந்தத் திட்டத்துக்கு எந்த வசதி என்று சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும். ஆம் என்பதை இல்லை என்று மாற்றினால் அடுத்த நிமிஷம் பூட்டு விழுந்துவிடும்” என்றான். திரை முழுக்க மாறியதைக் கேட்டதற்கு, அதை எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் விடமாட்டார்கள், முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு விட்டுப் பார்த்து, தகராறு இல்லை என்றால் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள் என்றான். அப்படியென்றால் பழையதும் புதியதும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓடத்தானே செய்தன? “பழையதை வைத்திருக்க முடியாது சார்” என்று வாடிக்கையாளர் சேவையில் என்னிடம் சொன்னது பாதி உண்மை. என்றைக்கும் வைத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பதிப்பைப் பராமரிப்பது செலவுதான். ஆனால் காசு வாங்கிய ஐந்து மாதத்துக்கு ஒரு பூட்டைத் திறந்து வைப்பதற்கு என்ன செலவு?

எல்லா மாற்றமும் கூடாது என்று சொல்ல வரவில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. மூன்றாம் தேதி கவுன்சில் கூடி முடிவெடுத்தது. மூன்று வாரம்கூட அவகாசம் இல்லை. அன்று காலை நான் கணினியைத் திறந்தபோது புது விகிதங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக மாறியதற்காக அன்று சந்தோஷப்பட்டவனும் நான்தான். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க வேண்டும் என்றாலும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பட்டனின் நிறம் மாறியதற்கும் உங்களிடம் வரமாட்டேன், எரிச்சல்தான், பழகிவிடும். நான் பேசுவது ஒரே ஒரு வகையைப் பற்றி: கட்டிய சந்தாக் காலம் முடிவதற்குள், வாங்கிய நாளில் திட்டப் பக்கத்தில் இருந்த ஒரு வசதியை எடுப்பதோ பூட்டுவதோ அதற்குத் தனியாகக் காசு கேட்பதோ.

இனி நான் என்ன செய்தேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த மடலை உங்களைத் தவிர வேறு கடைக்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்கு உதவும். ஒவ்வொரு படியிலும் எங்கே முட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்கு உதவும்.

சண்டைக்கு முன்னால் கணக்கை வெளியே எடுத்தேன். பலர் கோபத்தில் முதலில் சந்தாவை ரத்து செய்கிறார்கள், அது தப்பு. ரத்தான கணக்கை இத்தனை நாளில் அழித்துவிடுவோம் என்று விதிமுறையில் இருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் நாம் பில்களைப் பாதுகாக்க வேண்டும். எக்செல் பூட்டிக் கிடந்தாலும் ஒவ்வொரு பில்லாகத் திறந்து பிடிஎஃப் இறக்க முடிந்தது. ஆயிரத்துச் சொச்சம் பில். நான்கு ராத்திரி என் மனைவி உட்கார்ந்து இறக்கினாள். பிடிஎஃப் கையில் இருந்தால் ஆதாரம் இருக்கும், ஆனால் அதைக் கூட்டிக் கழிக்க முடியாது. வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகவும் முடியாது. எக்செலோ சிஎஸ்வியோதான் உண்மையில் வெளியே வந்த கணக்கு. அதனால் இப்போது மாதம் பிறந்தால் முதல் வேலையாகப் போன மாதப் பட்டியலை இறக்கிப் பென் டிரைவில் போட்டு வைக்கிறோம்.

அடுத்தது ஆதாரம். நான் வாங்கியபோது என்ன சொன்னார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு ரசீதுதான் இருந்தது. அதில் திட்டத்தின் பெயரும் தொகையும் மட்டும். என்னென்ன வசதி என்று இல்லை. கம்பெனியின் திட்டப் பக்கமோ இப்போது வேறு மாதிரி மாறிவிட்டது. மைத்துனன் மகன்தான் `web.archive.org` என்ற இடத்தைச் சொன்னான். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கும் காப்பகம் அது. கம்பெனியின் திட்டப் பக்கத்து முகவரியை அதில் போட்டேன். நான் பணம் கட்டிய அதே மே மாதத்தில் எடுத்த பிரதி ஒன்று கிடைத்தது. என் திட்டத்துக்கு நேராக ‘எல்லா பில்களும் எக்செலில்’ என்று பச்சை டிக். அதைப் பார்த்தபோது, தொலைந்துபோன பத்திரத்தின் நகல் பதிவு அலுவலகத்தில் கிடைத்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் இப்படிக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில பக்கங்கள் அங்கே சரியாகப் பதிவாகாது, விலை டாலரில் காட்டும், டிக் எல்லாம் காலியாக வரும். ஆகவே இனி எதற்குச் சந்தா கட்டினாலும் அன்றைக்கே திட்டப் பக்கத்தையும் விதிமுறைப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கி வைப்பதோடு, அந்தக் காப்பகத்தில் Save Page Now என்ற இடத்தில் முகவரியைக் கொடுத்து நாமே ஒரு பிரதி எடுக்க வைத்துவிடுவது நல்லது. இரண்டு நிமிஷ வேலை.

இந்த ஆதாரத்தோடு கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டிஜிட்டல் பொருள்களும் அந்த விதிகளுக்குள் வருகின்றன. சாட்டில் பேசிக்கொண்டிருந்தவரை எனக்குக் கிடைத்தது எல்லாம் சிரித்த முகப் படங்கள்தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதியதும் தொனியே மாறியது. என் கடிதத்தில் கோபம் எதுவும் வைக்கவில்லை. வாங்கிய தேதி, கட்டிய தொகை, அன்று இருந்த வசதி, அது போன தேதி, எனக்கு வேண்டியது. வேண்டியது என்ன என்பதை இரண்டாகப் பிரித்தேன்: மே வரை பழைய வசதியைக் கொடுங்கள், இல்லை என்றால் ஐந்து மாதத்துக்கான 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், கூடவே என் முழுக் கணக்கும் எக்செலில் வேண்டும்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. விதிமுறையில் எங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆகவே திருப்பித்தர எதுவும் இல்லை என்றார்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன். அது வழக்குக்கு முந்தைய சமரசம்தான், உத்தரவு போடும் இடம் அல்ல என்று தெரியும். இருந்தாலும் ஒன்பது நாளில் என் முழுக் கணக்கும் ஒரே எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது, ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற குறிப்போடு. தை மாதம் மார்ஜின் கட்டமும் திரும்பி வந்தது, ‘புதிய வசதி: லெட்டர்ஹெட் மோடு’ என்ற பெயரில். பணம் வரவில்லை. மாதாந்திர எக்செல் இன்னும் 90 நாள் பூட்டோடுதான் இருக்கிறது.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் சட்டத்துக்குள் ஒரு வளைவு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. நுகர்வோரின் உரிமையைப் பெரிதாகப் பாதிக்கும் நிபந்தனைகள் அதில் வரும். ‘எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றுவோம்’ என்ற வரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போட்டால் அதை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது. மாநில ஆணையம்தான் எடுக்கும். மூவாயிரம் ரூபாய்க்காக அச்சகத்தைப் பூட்டிவிட்டு நான் மாநில ஆணையத்துக்கு அலைய முடியுமா? எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் சொன்ன வழி வேறு: ஒப்பந்த வரியைத் தொடாதே, ‘தருகிறேன் என்று சொன்ன சேவையைத் தரவில்லை’ என்று சேவைக் குறைபாடாகப் போடு. அப்படிப் போட்டால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. கம்பெனியின் விதிமுறையில் எந்த ஊர்க் கோர்ட் எழுதியிருந்தாலும், நாம் வசிக்கும் இடத்திலேயே போடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மென்பொருள் கம்பெனி முதலில் எடுக்கும் வாதம் ஒன்று உண்டு: வாங்கியது வணிக நோக்கத்துக்கு, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. கூலிக்கு ஒரு பையன் இருக்கும் அச்சகம் அதற்குள் வருமா வராதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வாதாடித்தான் பார்க்க வேண்டும்.

நம் கையில் உண்மையிலேயே இருக்கும் ஒரே கடிவாளம் ரிசர்வ் வங்கி கொடுத்தது. 2021 அக்டோபரிலிருந்து கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவலிலிருந்தே நாம் நிறுத்தலாம். தொகை மாறக்கூடிய சந்தா என்றால் உச்சவரம்பை நாமே வைக்கலாம். என் வரம்பு 7,200-ல் இருக்கிறது. அவர்கள் 13,200 பிடிக்க நினைத்தாலும் நான் புதிதாக ஓடிபி கொடுத்துச் சம்மதிக்காமல் அந்தப் பணம் நகராது. யுபிஐ ஆட்டோபே வைத்திருப்பவர்களும் செயலிக்குள் போனால் ஒப்புதலை ரத்து செய்யலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விலையை ஏற்றினால் தடுக்க நமக்கு ஒரு பூட்டு இருக்கிறது. விலையை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைக் குறைத்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியவனிடம் நிறுத்தி வைக்கக்கூடப் பணம் இல்லை.

உங்கள் விதிகளில் நான் கண்ட ஓட்டை இதுதான். 2023 நவம்பர் 30-ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட, திரை வடிவமைப்பாலேயே வாடிக்கையாளரை ஏமாற்றும் ‘டார்க் பேட்டர்ன்’ உத்திகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களை முழுக்கப் படித்தேன். 13 வகைகள். சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பதற்குச் ‘சந்தாப் பொறி’ என்று ஒன்று இருக்கிறது. மென்பொருள் சந்தாவில் தெரியாமல் காசு பிடிப்பதற்கென்றே ‘சாஸ் பில்லிங்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதின்மூன்றில் பெரும்பாலானவை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே வரும்போது ஏமாற்றாதே, வெளியே போகும்போது மறிக்காதே, காசு பிடிக்கும்போது ஒளிக்காதே. காசு கட்டிய சேவையைப் பெற இன்னொன்றையும் வாங்கச் சொல்வதை ‘டிரிப் பிரைசிங்’ என்ற வகைக்குள் ஒரு வரி தொடுகிறது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தவனின் நாற்காலியை நடுவில் உருவுவதற்கென்று தனியாக ஒரு வகை இல்லை.

இதற்கு நீங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/770 என்ற எண்ணில் டிஜிட்டல் சேவைகளுக்கான சட்ட நெறிமுறை ஒன்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆவது பிரிவு முழுக்க இந்த ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். சேவையை மாற்றலாம், ஆனால் அதற்கான சரியான காரணம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கூடுதல் செலவு வரக்கூடாது. தெளிவாகச் சொல்ல வேண்டும். மாற்றம் அவருக்குப் பாதகமானது என்றால், என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது என்று அவர் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய வடிவில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாத பாதகம் என்றால் 30 நாளுக்குள் செலவில்லாமல் வெளியேறலாம். முன்பணம் கட்டிய மிச்சக் காலத்துக்குக் காசு திரும்பி வரும். இதெல்லாம் வேண்டாம் என்றால் கம்பெனிக்கு ஒரு மாற்றுவழி: பழையபடியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கூடுதல் காசு இல்லாமல் கொடுத்துவிடலாம். என்னைப் போன்ற கடைக்காரனுக்கு அது அங்கே பொருந்தாது. தொழிலுக்கு வாங்குபவரை அவர்கள் நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த விஷயத்தில் சுயதொழில்காரரையும் சேர்த்த நம் சட்டம் ஒரு படி மேல். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் நம்முடையது அவர்களுடையதைவிட நல்ல சட்டம்.

வழக்கு என்று எடுத்துக்கொண்டாலும் முன்மாதிரி இருக்கிறது. 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் மைக்ரோசாஃப்ட் மீது நீதிமன்றம் போனது. வீட்டு உபயோகச் சந்தாவில் புது வசதி ஒன்றைச் சேர்த்து, தனிநபர் திட்டத்தை ஆண்டுக்கு 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159-ஆக உயர்த்தினார்கள். புதிய விலையைக் கட்டு, இல்லையென்றால் ரத்து செய் என்று இரண்டே வழிதான் இருப்பதுபோலச் சந்தாதாரர்களுக்கு எழுதினார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. பழைய விலையில், பழைய வசதிகளோடு மூன்றாவதாக ஒரு திட்டம் இருந்தது. ரத்து செய்யும் பட்டனை அழுத்தி உள்ளே போனவர்களுக்கு மட்டும்தான் அது கண்ணில் பட்டது. சுமார் 27 லட்சம் பேரை இது பாதித்தது என்று ஆணையம் சொன்னது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்கு மாறுபவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. (இதைப் படிக்கும் கடைக்காரர்கள் கவனிக்க: ரத்து பட்டனை அழுத்திக் கடைசிப் படிக்கு முன்வரை போய்ப் பாருங்கள். வேறெங்கும் சொல்லாத விலை சில சமயம் அங்கே இருக்கும்.)

கம்பெனிகளாலும் முடியும் என்பதற்கு ஜெட்பிரெயின்ஸ் ஓர் உதாரணம். நிரல் எழுதுபவர்களுக்கான கருவிகள் செய்யும் கம்பெனி. 2015-இல் சந்தா முறைக்கு மாறப்போகிறோம் என்று அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் திட்டத்தைத் திருத்தினார்கள்: 12 மாதம் சந்தா கட்டியவர், பிறகு நிறுத்திக்கொண்டாலும், அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். அது கணினியில் நிறுவும் மென்பொருள் என்பதால் சுலபம். என் பில் மென்பொருளுக்கு அதே வடிவம் பொருந்தாது என்று எனக்கும் தெரியும். கட்டிய காலம் வரைக்கும் கட்டியது கிடைக்க வேண்டும் என்கிற அளவு பொருந்தும்.

ஆகவே நான் கேட்பது, டார்க் பேட்டர்ன் பட்டியலில் பதினான்காவதாக ஒன்று. பெயரை நீங்களே வையுங்கள். சந்தாக் காலத்தின் நடுவில் வசதியைக் குறைப்பதோ மேல் திட்டத்துக்கு நகர்த்துவதோ அதற்குள் வர வேண்டும். பாதுகாப்புக்கும் சட்ட மாற்றத்துக்கும் செய்யும் திருத்தங்கள் வெளியே நிற்கட்டும். குறைந்தது 30 நாள் முன்னால் மின்னஞ்சலில் சொல்ல வேண்டும், ‘மெருகேற்றுகிறோம்’ என்று இல்லாமல், ‘மார்ஜின் அமைப்பு இனி இருக்காது, எக்செல் 90 நாளுக்கு மட்டும்’ என்று போகிற வசதியைப் பெயர் சொல்லி. ஒப்பாதவருக்கு மிச்ச மாதக் காசு திரும்ப வர வேண்டும். வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கை எக்செலிலோ சிஎஸ்வியிலோ இறக்கும் பட்டனுக்கு எந்தத் திட்டத்திலும் பூட்டு போடக் கூடாது. என் பில்களை எனக்கே விற்பது வியாபாரம் ஆகாது. இன்னொன்று, ரசீதோடு அன்றைய வசதிப் பட்டியலையும் அனுப்பக் கட்டாயமாக்குங்கள். அது இருந்திருந்தால் நான் அமெரிக்கக் காப்பகத்தில் போய்த் தேடியிருக்க வேண்டாம். அப்புறம், ஒரு கூலியாள் வைத்த கடைக்காரன் நுகர்வோர்தானா என்பதை ஒரு விளக்கக் குறிப்பில் நீங்களே சொல்லிவிட்டால் ஆயிரம் பேரின் வாய்தா மிச்சமாகும்.

என் சந்தா மே மாதம் முடிகிறது. 13,200 ரூபாய்க்கான புதுப்பிப்பு மின்னஞ்சல் இரண்டு முறை வந்துவிட்டது. பொருளில் குறைத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. திரும்பி வந்த மார்ஜின் கட்டம் மறுபடி எப்போது போகுமோ தெரியாது. அதனால் மே வரைக்கும் தேவைப்படும் பில்களுக்காக, மேலே ஒன்றும் அச்சடிக்காமல் அடியில் மட்டும் விலாசம் போட்டு ஐந்நூறு தாள் தனியாக அடித்து வைத்திருக்கிறேன். அம்மன் பெயரையும் அடிக்கு இறக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அது மட்டும் ரப்பர் ஸ்டாம்பில்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஓர் அச்சகக்காரர்